ஸ்டீமில் ஊருக்கு ஒரு விலை: சேலில் கேம் வாங்கிய அனுபவங்கள்

கார்த்தி, மதுரை
கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் சைபர்பங்க் 2077 எனக்கு 2,999 ரூபாய். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகனுக்கு அதே கேம் 59.99 டாலர். 2020 டிசம்பரில் கேம் வந்தபோது நம் பணத்தில் அது ஏறக்குறைய 4,400 ரூபாய். சரி, நான் வாங்கி அவனுக்கு கிஃப்டாக அனுப்பலாம் என்று பார்த்தால், விலை வித்தியாசத்தால் அனுப்ப முடியாது என்று வந்துவிட்டது. ஒரே கேமுக்கு ஏன் இரண்டு விலை? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

பிரவீன்
எல்லாம் வரிதான். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வரி, அதனால் ஒரு விலை.

மதி, சென்னை
பிரவீன் சொல்வதில் பாதி சரி. நமக்குக் காட்டும் விலையில் 18% ஜிஎஸ்டி அடக்கம். அமெரிக்காவில் காட்டுவது வரி சேராத விலை. வரி மட்டும்தான் காரணம் என்றால் நமக்கல்லவா கூட இருக்க வேண்டும்?

விலையை வைப்பது கேமை வெளியிடும் நிறுவனம். நாட்டுக்கு நாடு எவ்வளவு வைக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் ஒரு பட்டியல் தருகிறது, ஆனால் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்றில்லை. டவுன்லோட் செய்யும் கேமில் இன்னொரு பிரதி விற்க அவர்களுக்குப் பெரிய செலவு கிடையாது. 4,400 ரூபாய்க்கு இங்கே நூறில் ஒருவர் வாங்குவதைவிட, விலையைக் குறைத்துப் பலரை வாங்க வைப்பது லாபம். 2015 நவம்பரில் நமக்கு ரூபாய் விலை வந்த பிறகு இது நன்றாகவே தெரிந்தது.

ஆனால் குறைந்த விலை பக்கத்து நாட்டுக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும். அதனால்தான் கிஃப்டுக்குத் தடை. நாட்டை மாற்ற வேண்டும் என்றாலும் அந்த நாட்டுக் கார்டு வேண்டும், மாற்றினால் மூன்று மாதம் திரும்ப மாற்ற முடியாது. விபிஎன் போட்டு ஊரை மறைப்பது விதிமீறல், அக்கவுண்டுக்கே ஆபத்து. அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் நாணய மதிப்பு சரிந்துகொண்டே போனதால், 2023 நவம்பரில் அங்கே உள்ளூர்ப் பணத்தையே எடுத்துவிட்டு டாலர் விலை வைத்தார்கள். பல கேம்களின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஏறியது. பாவம், அங்கேயே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்!

ரூபன், யாழ்ப்பாணம்
எங்களுக்கும் டாலர்தான். தெற்காசியாவுக்கென்று தனி டாலர் விலை இருக்கிறது, ஆனால் அதைக் குறிக்காத நிறுவனங்களின் கேம் அமெரிக்க விலையிலேயே வரும். டாலர் ஏறினால் எங்கள் ரூபாயில் கூடிவிடும், பாங்க் கட்டணம் வேறு. சேல் இல்லாமல் நான் எதுவும் வாங்குவதில்லை.

செல்வி
நான் பழைய பிஎஸ்4 டிஸ்க் வாங்கி, முடித்ததும் விற்றுவிடுவேன். பர்மா பஜாரில் இப்போது என்ன விலை?

கார்த்தி
அக்கா, இது டவுன்லோட் கேம் பற்றி. விற்கவே முடியாது, அதுதான் பிரச்சினையே. மதி அண்ணா, சேலில் கடைசி நாளில் இன்னும் குறையுமா?

மதி
குறையாது. முன்பு சில மணி நேரத்துக்கு மட்டும் வரும் ஃபிளாஷ் டீல் இருந்தது. 2015-க்குப் பிறகு அது போய்விட்டது. பெரிய சேலில் முதல் நாள் விலைதான் கடைசி நாளும்.

உன் கேமையே எடுத்துக்கொள். முதலில் சின்னத் தள்ளுபடி, பிறகு 50%, 2025-இல் 65%. அப்போது நமக்கு 1,049 ரூபாய், அமெரிக்காவில் 20.99 டாலர், அதாவது 1,800 ரூபாய் பக்கம். தள்ளுபடி சதவீதம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அந்த இடைவெளி சேலிலும் அப்படியே இருக்கும். நான் விஷ்லிஸ்டில் போட்டுவிட்டு, பழைய விலைகளைக் காட்டும் ஸ்டீம்டிபி தளத்தில் இதுவரை வந்த குறைந்த விலையைப் பார்ப்பேன். இப்போதைய விலை அதைத் தொட்டால் வாங்குவேன். வழக்கமாக மார்ச், ஜூன் கடைசி, டிசம்பர் மாதங்களைக் கவனித்தாலே போதும், இலையுதிர்கால சேலின் தேதிதான் மாறுகிறது.

விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி காட்டும் வேலையும் ஸ்டீமில் எளிதில் நடக்காது. விலையை ஏற்றினால் 30 நாள் தள்ளுபடி கொடுக்க முடியாது. வாங்கிய மறுநாளே சேல் வந்துவிட்டதா? 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், ரீஃபண்ட் கேட்டுவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி வாங்கலாம். அது தவறில்லை என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது.

பிரவீன்
காத்திருந்தால் எல்லாம் குறையும் என்று சொல்லாதீர்கள். ஃபாக்டோரியோவுக்கு சேலே கிடையாது. 2023 ஜனவரியில் 30 டாலரை 35 ஆக்கினார்கள். காத்திருந்தவர்கள் கூடக் கொடுத்ததுதான் மிச்சம்.

மதி
அது உண்மை. ஸ்டார்டூ வேலிக்குக் கூட 50%-க்கு மேல் தள்ளுபடி வந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட கேமுக்கு 75% வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது வீண்.

ரூபன்
இன்னொரு சந்தேகம். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேம் என்றால் என்ன செய்வீர்கள்? விலை இறங்கும்போது என் ஆட்கள் வேறு கேமுக்குப் போய்விடுகிறார்கள்.

செல்வி
அவர்களையும் சேல் வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்கள் தம்பி. கேட்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.