புதுப்பிப்பு: பார்லர் கணக்கு ஒரே பக்கத்தில்

"பார்லர் திறக்கப் போறேன். மாமாகிட்டயும் பேங்க்லயும் பணம் கேக்கணும். ஒரு பக்கத்துல என்ன எழுதிட்டுப் போறது?" (போன மாசம் நான் கேட்டது)

எழுதி முடிச்சுட்டேன். பேங்க்ல ஓய்வு பெற்ற அண்ணன் சொன்னபடி, தினம் எத்தனை பேர் வரணும்னுதான் முதல்ல போட்டேன். வாடகை 12,000, உதவிக்கு ஒரு பொண்ணு 14,000, கரண்ட் 4,000, தவணை 6,000. ஆக 36,000. ஒருத்தர் 300 ரூபாய்க்குச் செஞ்சா, க்ரீம், கலர் செலவு போக 240 நிக்கும். மாசம் 150 பேர்; 26 நாள்ல தினம் ஆறு பேர் போதும்.

தாளைப் பார்த்த அண்ணன், "உன் சம்பளம் எங்கம்மா?"ன்னு கேட்டார். 15,000 சேர்த்ததும் 213 பேர், தினம் எட்டுக்கு மேல! பக்கத்துத் தெரு பார்லருக்கு எதிர்ல தையல் கடையில உக்காந்து எண்ணினேன். சனிக்கிழமை 11 பேர், செவ்வாய் வெறும் 3. அதனால முதல் மூணு மாச வாடகையையும் சம்பளத்தையும் கேக்குற தொகையிலயே சேர்த்துட்டேன்.

என் கேள்விக்குப் பதிலா, "முத்ரா கடனுக்கு ஜாமீனும் வேண்டாம், தாளும் வேண்டாம்"னு சொன்ன தங்கச்சிக்கு: ஜாமீன் கேக்கல, சரிதான். ஆனா நாற்காலி, ஸ்டீமருக்குக் கொட்டேஷனும் இந்தக் கணக்கும் பேங்க்ல கேட்டாங்க.

ஆண்கள் சலூன் வெக்கிற தம்பி, என் 300-ஐ எடுத்துக்காதீங்க. உங்க ஏரியா கட்டிங் விலையைப் போடுங்க.

மாமா கடனாத் தர்றாரா, பங்கு கேக்குறாரான்னு இன்னும் பேசி முடியல.