மறையுரை மைக்கின் குமுறலுக்கு ஈக்வலைசரை எங்கே குறைப்பது?

குளச்சல் பக்கத்தில் உள்ள எங்கள் ஆலயத்தில் பாடல்கள் நன்றாகக் கேட்கின்றன. ஆனால் மறையுரை தொடங்கியதும் குரல் குமுறுவதால், பின்வரிசையில் இருக்கும் முதியவர்களுக்குச் சொற்கள் பிரிந்து விளங்குவதில்லை. தரையில் ஓடு பதித்துச் சுவர்களைக் கான்கிரீட்டாக மாற்றிய கடந்த 3 மாதங்களாகவே இந்தத் தொல்லை இருக்கிறது.

எங்களிடம் இருப்பது 8 சேனல் மிக்சர். ஒவ்வொரு சேனலிலும் பாஸ் 80 ஹெர்ட்ஸிலும், மிட் 2.5 கிலோஹெர்ட்ஸிலும், டிரெபிள் 12 கிலோஹெர்ட்ஸிலும் நிலையாக உள்ளன. மாஸ்டரில் 7 பட்டை ஈக்வலைசர் உண்டு.

மறையுரை மைக்கின் பாஸை முழுவதும் குறைத்தும் பயனில்லை, ஏனெனில் குமுறல் 80 ஹெர்ட்ஸில் அல்ல, 250 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. மாஸ்டரில் அந்தப் பட்டையை 6 டெசிபல் இறக்கியபோது பேச்சு உடனே தெளிந்ததால் இதை அறிந்தேன். ஆனால் அதே நேரத்தில் தபேலாவும் கீபோர்டும் உடல் இழந்து மெலிந்துவிட்டன, பாடகர் குழுவினருக்கு அது பெரிய வருத்தம். டிரெபிளை ஏற்றினால் சகரம் மட்டும் கூர்மையாகிறது, மைக் கூவுகிறது, தெளிவு கூடவில்லை. மிட்டை 3 டெசிபல் உயர்த்தியது சிறிது உதவியது. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் குமுறல் ஓரளவு தணிந்தது. மிக்சரில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் குரல் தெளிவாகவே இருப்பதால், மைக்கில் பழுதில்லை என்று எண்ணுகிறேன்.

இசையைத் தொடாமல் பேச்சுக்கு மட்டும் 250 ஹெர்ட்ஸைக் குறைக்க, மறையுரை மைக்கின் சேனல் இன்சர்ட்டில் தனியாக ஒரு கிராஃபிக் ஈக்வலைசரை இணைப்பது சரியான வழியா?