கடன் 27,160, காருக்குக் கிடைப்பது 21,500: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஸ்காபரோ காரை எப்படி விற்பது?

கொக்குவில்_பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம். கனடா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு ஒபரேஷன் என்று ஒரு மாத லீவில் கொக்குவிலுக்கு வந்தேன், இப்போது நான்காவது மாதம் ஓடுகிறது, அடுத்த வருடம் வரைக்கும் திரும்பிப் போக முடியாது போலத்தான் இருக்கிறது. பிரச்சினை அம்மா இல்லை, அவ தேறி வருகிறா. ஸ்காபரோவில் நண்பனின் வீட்டு வாசலில் நிற்கிற என் கார்தான் பிரச்சினை.

கணக்கைச் சொல்கிறேன். பழைய கார், விலை 27,000 டொலர். அதோடு ஐந்து வருட வாரண்டி 2,500, டீலரின் கட்டணம் 500, எல்லாவற்றுக்கும் 13 வீத வரி, ஆக மொத்தம் 33,900. கையில் இருந்து ஒரு சதம் போடவில்லை. கிரெடிட் இல்லாதபடியால் வட்டி 9.99 வீதம், 84 மாதம், மாதம் 562 டொலர் 60 சதம். 22 தவணை கட்டிவிட்டேன், அதாவது 12,000-க்கு மேல். போன கிழமை கேட்டால் இன்னும் 27,160 நிற்கிறது என்கிறார்கள்! டீலர் ஒருவர் 19,000 தருகிறாராம். நண்பன் ஒன்லைனில் போட்டுப் பார்த்தான், தனி ஆட்கள் 21,500 வரை கேட்கிறார்கள். கடன் முடியாமல் விற்கலாமா? துண்டு விழுகிற காசை என்ன செய்வது? லோனில் அத்தானும் சேர்ந்து கையெழுத்து வைத்திருக்கிறார், அதுதான் இரவில் நித்திரை இல்லை.

நல்லூர்_மாமா:
தம்பி, கவலைப்படாதேயும். நானும் லீசிங்கில் எடுத்த வானை 2021-இல் விற்றேன், எடுத்த விலையை விடக் கூடத்தான் கிடைத்தது. மிச்ச லீசிங்கை வாங்குகிறவரே பொறுப்பெடுத்தார், கம்பனியில் பெயரை மாற்றினோம், முடிந்தது. கொஞ்சம் பொறுத்தால் விலை ஏறும்.

கொக்குவில்_பொடியன்:
மாமா, அது இங்கே 2020-இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டினதால் ஏறின விலை. அங்கே கார் நிற்க நிற்க இறங்கத்தான் செய்யும்.

மார்க்கம்_அக்கா:
நான் ஆறு வருடம் டீலரிடம் ஃபைனான்ஸ் மேசையில் இருந்தேன், இப்போது வேறு வேலை. மாமா சொன்னது கனடாவில் சாதாரண கார் லோனுக்கு நடக்காது. லீஸை இன்னொருவர் பொறுப்பெடுக்கிற வழி சில கம்பனிகளிடம் உண்டு, ஆனால் தம்பியுடையது லீஸ் இல்லை, லோன். அதை வாங்குகிறவரின் தலையில் மாற்ற முடியாது, அடைத்துத்தான் தீர வேண்டும்.

தம்பி, 12,000 கட்டியும் ஏன் 27,160 நிற்கிறது என்று நீர் யோசிப்பீர். முதல் மாதத்து 562-இல் 282 வட்டிக்கே போனது. இப்போதும் 226 போகிறது. 22 மாதத்தில் கடன் குறைந்தது 6,740 மட்டும்தான். கார் அதைவிட வேகமாக இறங்கிவிட்டது. அதிலும் வாரண்டியும் வரியும் காருக்குள் இல்லை, கடனுக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. கடன் கொடுத்தவரிடம் "பே அவுட் லெட்டர்" கேளும். ஒன்லைனில் தெரிகிற மீதி போதாது. அந்தக் கடிதத்தில் எந்தத் திகதி வரைக்கும் எவ்வளவு, அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு எவ்வளவு வட்டி என்று எழுதியிருக்கும். உம்முடைய கடனுக்கு நாளுக்கு ஏறக்குறைய 7 டொலர் 43 சதம் வரும். திகதி தாண்டினால் புதுக் கடிதம்.

அடுத்தது வாரண்டி. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஐந்து வருட வாரண்டியில் 38 மாதம் பாவிக்காமல் கிடக்கிறது. மாதக் கணக்கில் 1,580 போல வரும், அதற்கான வரியும் சேரும், ரத்துக் கட்டணம் கழிப்பார்கள். கிலோமீற்றர் எல்லையும் இருந்தால் மாதம், கிலோமீற்றர் இரண்டில் எதில் குறையத் தொகை வருகிறதோ அதைத்தான் தருவார்கள், அதனால் 1,500 என்று வைத்துக்கொள்ளும். லோன் இருக்கும்வரை அந்தக் காசு உமது கைக்கு வராது, நேரே கடனுக்குப் போகும், அதுவும் நல்லதுதான். ஆனால் உடனே வராது, அதை நம்பித் திகதி குறிக்காதேயும்.

லண்டன்_ஈஸ்ட்ஹாம்:
இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை. மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகையில் அரைவாசி கட்டியானால் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம், மிச்சம் கேட்க முடியாது. என் மச்சான் இங்கே அப்படித்தான் செய்தவர். தம்பி சாவியைக் கொடுத்துவிட்டு அம்மாவைப் பாரும்.

மார்க்கம்_அக்கா:
அண்ணை, அது இங்கிலாந்துச் சட்டம், 1974-இல் வந்த நுகர்வோர் கடன் சட்டம், தவணை முறையில் எடுத்த காருக்கு. உங்கள் மச்சானுக்குச் சரி. ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படி ஒரு கதவு இல்லை. இங்கே சாவியைக் கொடுத்தால் காரை ஏலத்துக்கு அனுப்புவார்கள், டீலர்கள் வாங்குகிற மொத்த விலைதான் கிடைக்கும், 19,000-ஐ விடவும் குறையலாம். அதில் இழுத்த கூலி, ஏலக் கூலி எல்லாம் கழித்து மிச்சத்தைத் தம்பியிடம் கேட்பார்கள். தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்தால்? அத்தானின் வீட்டுக்குக் கடிதம் போகும். கூடக் கையெழுத்து வைத்தவர் சாட்சி இல்லை, அவரும் கடன்காரர்தான்.

ஏஜாக்ஸ்_வாசி:
நான் போன வருடம் இதே நிலையில் இருந்தேன். டீலரிடம் கொடுத்து வேறு கார் எடுத்தேன், 6,000 துண்டை அவர்களே புது லோனுக்குள் போட்டுவிட்டார்கள், ஒரு சதம் கையால் கட்டவில்லை. டீலரிடம் கொடுத்தால் வரியும் மிச்சம். தனி ஆளுக்கு விற்பது விசர்வேலை.

மார்க்கம்_அக்கா:
வரி விஷயம் அரைவாசி சரி. பழைய காரைக் கொடுத்துப் புதுசு எடுத்தால் வித்தியாசத்துக்குத்தான் 13 வீதம். 24,000 காருக்கு 19,000 கழித்தால் 5,000-க்கு மட்டும் வரி, 2,470 டொலர் மிச்சம். அப்போது டீலர் விலைக்கும் தனி விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தம்பி வேறு கார் எடுக்கப் போவதில்லையே, அவருக்கு அந்த 2,470 கிடையாது. 2,500 குறைத்து விற்பதுதான் மிச்சம்.

புது லோனுக்குள் போடுவது பற்றி நான் சொன்னால் பழைய தொழிலைத் திட்டுவது போல இருக்கும். நானே எத்தனை பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். 24,000 காருக்கு 30,000-க்கு மேல் கடன், முதல் நாளே ஆறாயிரம் பள்ளத்தில். கேட்டால் "மாதம் எவ்வளவு" என்பார்கள், மொத்தம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஏஜாக்ஸ்_வாசி:
எனக்கு வேலைக்குப் போகக் கார் வேண்டும் அக்கா, பஸ் இல்லாத இடம். எல்லோருக்கும் 6,000 கையில் இருக்காது.

மார்க்கம்_அக்கா:
அதுவும் உண்மைதான்.

கொக்குவில்_பொடியன்:
அக்கா, 21,500-க்கு விற்றால் துண்டு 5,660. வாரண்டி வந்தால் 4,160. கனடா வங்கியில் 2,900 வைத்திருக்கிறேன். அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறா. வாங்குகிறவர் லோன் உள்ள காரை எப்படி நம்பி எடுப்பார்?

மார்க்கம்_அக்கா:
சங்கிலியை விடும். ரூபாயை அங்கிருந்து டொலராக்கி வெளியே அனுப்புவது வங்கியில் லேசில்லை, வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பின காசில் கடன் அடைக்கப் போய் வேறு கேள்வி வரும். உமது கனடா வங்கியிடம் சின்னத் தொகைக்கு லைன் ஒஃப் கிரெடிட் கேளும், அல்லது ஸ்காபரோவில் சீட்டுப் பிடிக்கிற ஆட்கள் வீட்டில் இருந்தால் அதுவும் வழி. 27,000-க்கு வட்டி கட்டுவதைவிட மூவாயிரத்துக்குக் கட்டுவது எவ்வளவோ மேல். இன்சூரன்ஸையும் சேர்த்துப் பாரும், கார் சும்மா நிற்க மாதம் எவ்வளவு போகிறது என்று. அதற்காக இன்சூரன்ஸை நிற்பாட்டவும் கூடாது, லோன் ஒப்பந்தத்திலேயே அது இருக்கும்.

வாங்குகிறவருக்கு: ஒன்ராறியோவில் விற்கிறவர் 20 டொலர் கட்டி வாகனத் தகவல் பொதி எடுத்துக் கொடுக்க வேண்டும், அதில் கடன் கொடுத்தவருக்குக் கார் மீது உள்ள பிடி தெரியும். மறைத்தால் ஆள் ஓடிவிடுவார், முதலே சொன்னால் நிற்பார். என் முறை இது. துண்டை நீர் முதலில் கட்டும். உமது வங்கியில் பில் கட்டுகிற பகுதியிலேயே கடன் கொடுத்தவரைச் சேர்த்துக் கட்டலாம். அப்போது கடன் 21,500-க்கு வந்து நிற்கும். பிறகு புதுக் கடிதம் எடுத்து வாங்குகிறவரிடம் காட்டும். அவர் வங்கி டிராஃப்டை உமது பெயரில் இல்லாமல் கடன் கொடுத்தவர் பெயரில், லோன் இலக்கத்தோடு எடுப்பார். அவருடைய காசு உமது கையில் தங்கவே தங்காது, அதுதான் அவருக்குத் தைரியம். கடன் முடிந்த கடிதமும், பிடியை எடுத்த பதிவும் வந்த பிறகு கார் மாறும். ஆனால் ஒருவர் பேசி 300 முற்பணம் கூடத் தராமல் துண்டை முழுக்கக் கட்டிவிடாதேயும்.

கடைசி டிராஃப்ட் போய்ச் சேர்ந்தது என்று எழுத்தில் வரும்வரை மாதத் தவணையை வெட்டாதேயும். கூட எடுத்தால் திருப்பித் தருவார்கள், ஒன்று தவறினால் அத்தானின் கிரெடிட்டிலும் ஏறும்.

நல்லூர்_மாமா:
கையெழுத்தை யார் வைப்பது? ஆள் இங்கே, கார் அங்கே.

மார்க்கம்_அக்கா:
மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. காரின் பதிவுப் பத்திரமான பெர்மிட்டின் பின்பக்கத்தில் விற்கிறவர் கையெழுத்து வைக்க வேண்டும். தம்பி, பெர்மிட் எங்கே?

கொக்குவில்_பொடியன்:
என் பேர்ஸில். கொக்குவிலில்.

மார்க்கம்_அக்கா:
நினைத்தேன். கையெழுத்து வைத்துக் கூரியரில் நண்பனுக்கு அனுப்பும், கூடவே அவர் உமக்காகச் செய்யலாம் என்று ஒரு கடிதமும். போக முதல், பெயர் மாற்றுகிற அரசு அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்கு அழைத்து அந்தக் கடிதம் போதுமா என்று நண்பன் கேட்கட்டும், கவுண்டருக்குக் கவுண்டர் வேறு வேறாகச் சொல்வார்கள். நம்பர் பிளேற் காரோடு போகாது, கழற்றி வைக்கச் சொல்லும்.

கொக்குவில்_பொடியன்:
நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ரொறன்ரோவில் காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை. விறாந்தையில் இருந்து நுளம்புக்குக் கால் தட்டிக்கொண்டு கடன் கொடுத்தவருக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை எடுத்து, "உங்கள் கனடா நம்பருக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்" என்றது. அந்த சிம்மைக் காசு மிச்சம் பிடிக்க இரண்டு மாதத்துக்கு முன்பு நிற்பாட்டிவிட்டேன். மின்னஞ்சலுக்கு அனுப்ப முடியாதாம். இனி அத்தான்தான் அழைக்க வேண்டும், லோனில் அவர் பெயரும் இருக்கிறபடியால் அவருக்குச் சொல்வார்களாம்.

மார்க்கம்_அக்கா:
நல்லது, அவரும் கடன்காரர்தானே, கடிதம் கேட்க உரிமை உண்டு. இன்றைக்கே கேட்கச் சொல்லும்.

கொக்குவில்_பொடியன்:
காரை விற்கப் போகிறேன் என்று அத்தானுக்கு இன்னும் சொல்லவே இல்லை அக்கா. என் சொந்த அக்கா வீட்டுக்கு இரவு அழைக்கிறேன்.