நார்மல் இல்லாமலே லீஸ்ட் ஸ்கொயர்ஸ் சிறந்ததா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மாலைவெயில்:
போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வில் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் ஏன் சிறந்தது என்று கேட்டார்கள். பிழைகள் நார்மலாகப் பரவியிருப்பதால் என்றேன். எதிரில் இருந்த அம்மா, "அது இல்லாமலே நிறுவலாமே" என்றார். வீட்டுக்கு வந்து காஸ்-மார்க்கோவ் தேற்றத்தைப் படித்தால், லீனியராகவும் அன்பயாஸ்டாகவும் உள்ள வழிகளில் லீஸ்ட் ஸ்கொயர்ஸுக்குத்தான் வேரியன்ஸ் மிகக் குறைவு என்கிறது, நார்மல் என்ற பேச்சே அதில் இல்லை. யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

சுருள்வில்:
இயற்பியல் ஆய்வகத்தில் 20 வருடமாக இருக்கிறேன், எனக்கு இது புரிந்ததே ஸ்பிரிங்கில் எடை தொங்கவிட்டுத்தான். எடை x = 1, 2, 3, நீட்சி y, இடையில் y = βx, கண்டுபிடிக்க வேண்டியது β. ஒரு மாணவி Σxy/Σx² போட்டாள், அதுதான் லீஸ்ட் ஸ்கொயர்ஸ். பக்கத்துப் பையன் மொத்த நீட்சியை மொத்த எடையால் வகுத்தான். இன்னொருவன் ஒவ்வொரு y/x-ஐயும் கண்டுபிடித்து சராசரி எடுத்தான். மூன்றுமே ஒவ்வொரு y-ஐயும் ஏதோ ஓர் எண் cᵢ-ஆல் பெருக்கிக் கூட்டுவதுதான், லீனியர் என்பது அதைத்தான். மூன்றுமே அன்பயாஸ்டு, அதாவது திரும்பத் திரும்பச் செய்தால் சராசரியில் உண்மையான β-வே வரும். பிழையின் சராசரி பூஜ்யமாக இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

சரி, எது சிறந்தது? எல்லா எடைக்கும் அளவுகோலைப் படிக்கும் பிழை ஒரே அளவு, ஒன்றின் பிழை மற்றதைத் தொடாது என்று வைத்தால், வேரியன்ஸ் முறையே 0.071σ², 0.083σ², 0.151σ². காரணம் ஒரு வரிதான்: Σcᵢyᵢ அன்பயாஸ்டாக இருக்க Σcᵢxᵢ = 1 வேண்டும், வேரியன்ஸ் σ²Σcᵢ². அந்தக் கட்டுப்பாட்டுக்குள் Σcᵢ² மிகக் குறைய வேண்டுமென்றால் cᵢ, xᵢ-க்கு நேர்விகிதத்தில்தான் இருந்தாக வேண்டும். மணி வடிவ வளைவு இதில் எங்கும் வரவில்லை பாருங்கள்.

காஸ் 1809-ல் நார்மலை வைத்துத்தான் வந்தார், 1823-ல் அதை விட்டுவிட்டே நிறுவினார். நம் மனதில் முதல் வழிதான் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆறாம்விரல்:
சார், ஆனால் பிழையின் அளவு மாறினால் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் தப்பான விடை தரும், பயாஸ் வந்துவிடும் இல்லையா? குடும்பச் செலவு கணக்கெடுப்பில் எனக்கு அப்படித்தான் ஆனது. வருமானம் கூடக் கூட புள்ளிகள் விசிறி மாதிரி விரிந்தன.

சுருள்வில்:
பாதி சரி தம்பி. பயாஸ் வராது, "சிறந்தது" என்ற பட்டம்தான் போகும். அதே மூன்று எடை, பிழையின் பரவல் மட்டும் x-க்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று வையுங்கள். இப்போது வேரியன்ஸ் 0.5, 0.389, 0.333, வரிசை அப்படியே தலைகீழ்! y/x சராசரி எடுத்த பையன்தான் ஜெயிக்கிறான். ஆர்-ல் இதையே இப்படிப் போடலாம்:

```
lm(y ~ 0 + x, weights = 1/x^2)
```

உங்கள் கணக்கெடுப்பில் சாய்வு சராசரியில் சரியாகத்தான் இருந்திருக்கும், வழக்கமான ஸ்டாண்டர்ட் எரரைத்தான் நம்பக்கூடாது.

டியூஷன்அக்கா:
எனக்கு வந்த தொல்லை வேறு. டியூஷன் நேரம் x, மதிப்பெண் y என்று கோடு போட்டேன், நேரம் கூடினால் மதிப்பெண் குறைகிறது என்று வந்தது! நார்மலா என்று ஹிஸ்டோகிராம் பார்த்தேன், அழகாக இருந்தது. அதனால் சரி என்று நினைத்துவிட்டேன்.

மாலைவெயில்:
பின்தங்கிய பிள்ளைகளைத்தானே அக்கா அதிக நேரம் அனுப்புவார்கள்? அந்தப் பின்தங்கல் பிழைக்குள் உட்கார்ந்து x-ஓடு சேர்ந்தே நகர்கிறது.

டியூஷன்அக்கா:
ஆமாம், அதுதான். முந்தைய தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்த பிறகு சாய்வு மேல்நோக்கித் திரும்பியது. இன்னும் என்னென்ன விட்டுப்போயிருக்கிறதோ.

சுருள்வில்:
இதே வியாதி ஆய்வகத்திலும் உண்டு. முள் பூஜ்யத்தில் இல்லாமல் 2 மி.மீ. தள்ளி நின்றால் எல்லாப் பிழையும் 2 கூடித்தான் வரும். மேலே சொன்ன மூன்று வழியுமே அப்போது தப்பு, லீஸ்ட் ஸ்கொயர்ஸ் 0.86 கூட்டிச் சொல்லும். அளந்த y-லிருந்து கோடு சொல்லும் y-ஐக் கழித்த மிச்சங்களை வரிசையாக எழுதினால் பிடித்துவிடலாம்: முதல் எடையில் 1.1 கூடுதல், அடுத்ததில் 0.3, கடைசியில் 0.6 குறைவு, இறங்கிக்கொண்டே போகும். மாறிலி ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் அக்காவின் சிக்கல் மிச்சங்களில் தெரியவே தெரியாது, ஏனென்றால் மாறிலியும் சேர்ந்த லீஸ்ட் ஸ்கொயர்ஸ் மிச்சங்களை x-ஓடு தொடர்பில்லாமல் ஆக்கித்தான் தரும்.

கல்வெட்டு:
"லீனியர்" என்ற சொல்லையும் கவனியுங்கள். ஒரே பொருளை 10 தடவை அளந்தேன், பிழை −1 முதல் 1 வரை சீராகப் பரவியது என்றால், சராசரியின் வேரியன்ஸ் 0.033. மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.015, அதுவும் அன்பயாஸ்டு. வரிசைப்படுத்திப் பொறுக்குவதால் அது லீனியர் இல்லை, அவ்வளவுதான்.

ஆறாம்விரல்:
2022-ல் புரூஸ் ஹான்சன் "லீனியர்" என்ற நிபந்தனையே வேண்டாம் என்று எழுதினாரே, அப்போது இது?

கல்வெட்டு:
அவர் எல்லாப் பரவல்களுக்கும் அன்பயாஸ்டாக இருக்கச் சொல்கிறார். என் வழி ஒருபக்கம் சாய்ந்த பரவலில் பயாஸ்டு ஆகிவிடும், அதனால் போட்டிக்கே வராது. ஆனால் எல்லாப் பரவலுக்கும் என்று கேட்டாலே லீனியர் மட்டும்தான் மிஞ்சும், புதிதாக என்ன கிடைத்தது என்று மறுத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் சரியாகப் படுகிறது. சார் என்ன சொல்கிறார்?

சுருள்வில்:
இரண்டு தரப்பையும் முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன்.