குமார், ராசா, தேவி: பெயரின் கடைசித் துண்டுக்கு ஒரு சொல் வேண்டும்

தவம் (கோண்டாவில்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மரண அறிவித்தல்களிலும் பழைய கல்வெட்டுப் புத்தகங்களிலும் இருந்து யாழ்ப்பாணத்துப் பெயர்களைத் தொகுத்து வருகிறேன். சிவகுமார், செல்வராசா, புஷ்பதேவி போன்ற பெயர்களின் கடைசித் துண்டைக் குறிக்க ஒரு சொல் தேவைப்படுகிறது. இப்போதைக்குப் ‘பின்னொட்டு’ என்று போட்டிருக்கிறேன், ஆனால் மனதுக்கு ஒப்பவில்லை. ஒட்டு என்றால் தனியே நிற்காது. குமாரும் ராசாவும் தேவியும் தனியாகவே பெயராக நிற்கின்றன.

ஒரு அறிவித்தலைக் காட்டுகிறேன், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். இறந்தவர் இராசரத்தினம். அவருடைய பெற்றோர் வல்லிபுரம், சின்னாச்சி. பிள்ளைகள் சிவகுமார், நந்தகுமார், உதயகுமார், புஷ்பதேவி, யோகதேவி. பேரப்பிள்ளைகள் துஷ்யந்தன், கஜன், அபிநயா. ஒரே பத்தியில் நாலு தலைமுறை நிற்கிறது. தாத்தாவின் பெயரில் ராசா முன்னுக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கு வந்ததும் ஆண்களுக்கெல்லாம் ஒரே முடிவு, பெண்களுக்கெல்லாம் ஒரே முடிவு. பேரரிடம் அது காணாமலே போய்விட்டது. இந்த நடுத் தலைமுறையில் நடந்ததற்குத்தான் பெயர் தேடுகிறேன்.

ரஞ்சன் எழுதியது:

தவம் அண்ணை, இதில் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. எல்லாம் தியேட்டரில் இருந்து வந்ததுதான். சரோஜாதேவி வந்தார், ஊரெல்லாம் தேவி. சிவகுமார் வந்தார், ஊரெல்லாம் குமார். 1956இல் ஓடத் தொடங்கிய ரயிலுக்கும் யாழ்தேவி என்றுதானே பெயர் வைத்தார்கள்! சொல்லுக்கு என் யோசனை ‘பெயர்வால்’.

பத்மா (ஓய்வுபெற்ற ஆசிரியை, சுன்னாகம்) எழுதியது:

தம்பி ரஞ்சன், பாதி சரி. சினிமா பரப்பியது, உண்டாக்கவில்லை. ‘குமாரன்’ என்பதில் ‘அன்’ உதிர்ந்து ‘குமார்’ என்று நின்றதற்கு வேண்டுமானால் படப் பெயர்களைக் காரணம் சொல்லலாம்.

எங்கள் பழைய பெயர்களில் குமாரர் முன்னுக்குத்தான் நின்றார். குமாரசாமி, குமாரவேலு, குமாரசூரியர். ஆனந்த குமாரசாமியின் தகப்பனார் முத்துக் குமாரசாமி. அங்கே குமாரன் என்றால் முருகன், வேறு யாருமில்லை. ராசாவும் அப்படித்தான் இருந்தது: இராசரத்தினம், இராசதுரை, இராசலிங்கம். பிறகு செல்வராசா, யோகராசா என்று பின்னுக்குப் போனது. முன்னுக்கு நின்றபோது அது அரசனைச் சொன்னது. பின்னுக்குப் போனபோது, தாய்மார் பிள்ளையை “வா ராசா” என்று கூப்பிடுகிற அந்த ராசாவாக அது கனிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இப்போது தவம் தந்த மூன்று பெடியன்களையும் பாருங்கள். சிவகுமார் என்றால் சிவனின் மகன், அதாவது முருகனோ பிள்ளையாரோ. நந்தகுமார் என்றால் நந்தகோபனின் மகன், கண்ணன். இரண்டிலும் குமார் ‘மகன்’ என்ற வேலையைச் செய்கிறது. உதயகுமாரில் அது வேறு வேலை. மணிமேகலையின் பின்னால் அலைந்த சோழ இளவரசன் உதயகுமரன், அங்கே குமரன் இளவரசன். நாலாவதாக ஒரு தம்பி பிறந்து ரவிக்குமார் என்று வைத்திருந்தால்? சூரியனின் மகன் என்று பொருள் எடுத்தால் கர்ணனோ யமனோ வந்து நிற்பார்கள். எந்தப் பெற்றோரும் யமனை நினைத்துப் பெயர் வைப்பதில்லை. மூத்தவர்களின் பெயரோடு ஓசை பொருந்த வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் குமார் பொருளை இழந்து வெறும் முடிவாக மாறுகிறது.

பெண்களின் கதை இன்னும் தெளிவு. முன்பு அம்மா, ஆச்சி, முத்து, பிள்ளை என்று முடிந்தார்கள்: செல்லம்மா, சின்னாச்சி, அன்னமுத்து, தங்கப்பிள்ளை. தேவியும் ராணியும் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பழைய தமிழில் தேவி என்றால் அரசனின் மனைவியும்தான். ராணிக்கும் தேவிக்கும் பெயர்களில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிவா (ரொறன்ரோ) எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். எனது பாஸ்போர்ட்டில் Siva Kumar என்று இரண்டு சொல்லாக அடித்துவிட்டார்கள். இங்கே வந்த பிறகு குமார் எனக்குக் குடும்பப் பெயர். தம்பியின் பெயர் Nandakumar என்று ஒரே சொல்லாக இருந்தது, அவனுக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் கடதாசியில் சம்பந்தமே இல்லை. எனது மகளும் குமார்தான். பெண்பிள்ளைக்குக் குமார்! இதைத் திருத்த எந்தப் படிவம் நிரப்ப வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா?

தவம் எழுதியது:

சிவா, படிவம் பற்றி இங்கே உதவ முடியாது, மன்னிக்கவும். ஆனால் உங்கள் கதை என் தொகுப்புக்கு வேண்டியதுதான். தனித்து நிற்கக்கூடிய சொல் என்பதால்தானே அதைப் பிரித்து அடிக்க முடிந்தது? பின்னொட்டு என்று இனிப் போட மாட்டேன்.

அருள் (பருத்தித்துறை) எழுதியது:

ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். பெயரின் முடிவு இங்கே சும்மா அழகுக்கு இருந்ததல்ல. ஒருவர் கந்தப்பிள்ளை, ஒருவர் கந்தர், இன்னொருவர் கந்தன். பிள்ளையும் ‘அர்’ விகுதியும் யாருக்கு, வெறும் ‘அன்’ யாருக்கு என்பதை ஊர் தீர்மானித்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்குக் கந்தசாமி என்று வைத்தாலும் கந்தன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

குமார், ராசா, தேவி என்ற முடிவுகளில் அந்த அடையாளம் இல்லை. உதயகுமார் என்ற பெயரைப் பார்த்து எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் அதை விரும்பி எடுத்ததற்கு அது போதுமான காரணம். அதனால் ‘வால்’ வேண்டாம். முன்னோருக்குக் கிடைக்காத மரியாதையைப் பிள்ளைக்காவது வாங்கிக் கொடுத்த சொல்லை வால் என்று எழுதக் கூடாது.

பத்மா எழுதியது:

அருள் சொல்வது நியாயம். கத்தோலிக்கக் குடும்பங்களிலும் பாருங்கள். கிறிஸ்துராசா என்ற பெயரில் ராசா உண்மையாகவே அரசர்தான், வெறும் முடிவல்ல. ஞானராஜ் என்று வந்தால் எந்தக் கோவில் என்று சட்டென்று சொல்ல முடியாது.

சொல்லுக்கு வருவோம். ‘பெயரீறு’ என்று யோசித்தேன், ஆனால் ஈறு என்றதும் இலக்கணக்காரருக்குக் கடைசி எழுத்து ஞாபகம் வரும், மற்றவர்களுக்குப் பல் ஞாபகம் வரும். ‘பெயர்க்கடை’ என்றால் பெயர் விற்கிற கடை. ‘ஈற்றுச்சொல்’ பரவாயில்லை. ‘சொல்’ என்று இருப்பதால் தனித்து நிற்கும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

ரஞ்சன் எழுதியது:

சரி, வாலை விட்டுவிடுகிறேன். ஆனால் நடராசாவுக்கும் ஈற்றுச்சொல் உண்டா? அதை வெட்டினால் ‘நட’ என்றுதானே மிஞ்சும்.

தவம் எழுதியது:

அதுதான் சோதனை, ரஞ்சன். நடராசா முழுதாகவே கடவுளின் பெயர், அதை வெட்டக் கூடாது. செல்வராசாவை வெட்டினால் செல்வம் மிஞ்சுகிறது, வீட்டிலும் செல்வம் என்றே கூப்பிடுவார்கள். ஆகவே மிஞ்சுகிற துண்டு கூப்பிடும் பெயராக நிற்க வேண்டும், அதே முடிவு கூடப் பிறந்தவர்களிலும் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ‘ஈற்றுச்சொல்’ என்று குறிக்கப் போகிறேன்.

இதன்படி நந்தகுமார் இரண்டு பக்கமும் விழுகிறது. கண்ணனை நினைத்து வைத்தார்களா, அண்ணனின் பெயரோடு பொருந்த வைத்தார்களா என்று அறிவித்தலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒற்றைப் பிள்ளையின் பெயரிலும் இந்தச் சோதனை வேலை செய்யாது.

அருள் எழுதியது:

அப்போ நந்தகுமாருக்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஸ்ரீதேவியை என்ன செய்வீர்கள்?

பத்மா எழுதியது:

அது இலட்சுமியின் பெயர், வெட்டாமல் விடுங்கள். தங்கைக்கு ஸ்ரீராணி என்று வைத்திருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.