2019 கோடையில் எங்கள் அறையின் நான்கு ஏரிகள்

இழையைத் தொடங்கியவர்:
2019 ஜூன் மாதத்தில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தபோது, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான ஒரு தனியார் விடுதியில் நாங்கள் நால்வர் ஒரே அறையில் தங்கியிருந்தோம். விடியற்காலை நான்கரை மணிக்குக் காவலாளி மோட்டாரைப் போடுவார். தாழ்வாரத்தின் கோடியில் இருந்த குழாயில் இருபது நிமிடம் தண்ணீர் வரும். அதற்குள் பிடித்துவைத்ததுதான் அன்றைக்கு முழுவதும். எங்களிடம் இருந்த நான்கு வாளிகளில் மிகப் பெரியதற்குச் செம்பரம்பாக்கம் என்றும், மிகச் சிறியதற்குச் சோழவரம் என்றும், மற்ற இரண்டுக்கும் பூண்டி, புழல் என்றும் ஒருத்தி பெயர் வைத்தாள். அலுவலகம் முடிந்து வருபவள் கதவைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பூண்டியில் ஏதாவது இருக்கிறதா?" என்பதாகத்தான் இருக்கும்.

செம்பரம்பாக்கத்தின் உட்புறத்தில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்தோம். குளிப்பவள் கோடு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அகலமான பேசினில் நின்று குளித்து, அதில் தேங்கும் நீரைக் கழிப்பறைக்கு ஊற்றுவோம். தலைக்குக் குளிப்பது வாரத்திற்கு ஒரு நாள், அதுவும் முறை வைத்து.

ஆகஸ்டில் ஐந்தாவதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நாங்கள் வாளிகளைப் பற்றிப் பேசிச் சிரிக்கும்போதெல்லாம் அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் என்று தெரிந்த இரவில், அவளுடைய நீல வாளிக்கு வீராணம் என்று பெயர் வைத்தோம். தொலைவிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரியல்லவா அது! மறுநாள் காலை அவளே எழுந்து, "வீராணம் வந்துவிட்டது, எழுந்திருங்கள்" என்று எங்களை எழுப்பினாள். உங்கள் அறைகளில் இப்படி நிலைத்துப்போன பேச்சு ஏதேனும் உண்டா?

ஒரு வாசகர்:
சென்னை ஏரிகள் வறண்டது அதுவே முதல்முறை என்பதால்தான் உங்களுக்குள் அவ்வளவு ஒட்டுதல் வந்தது என்று நினைக்கிறேன். சேர்ந்து கஷ்டப்பட்டால் யாராக இருந்தாலும் நெருங்கிவிடுவார்கள்.

பதினோரு ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்தவர்:
முதல்முறை அன்று. 2003, 2004 ஆண்டுகளிலும் அவை வறண்டன. வீராணம் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கு வரத் தொடங்கியதே 2004-இல்தான். சேர்ந்து கஷ்டப்பட்டாலே நெருக்கம் வந்துவிடும் என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரே தாழ்வாரத்தில், ஒரே குழாயை நம்பியிருந்த அறைகளில் ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும், அடுத்தது என்னிடம் புகார் எழுதிக் கொடுக்கும். புகார் வந்த அறைகளில் பெரும்பாலும் ஒருத்தியே தினமும் தண்ணீர் பிடித்தாள், அல்லது ஒருத்தி மட்டும் காசு கொடுத்துக் கேன் வாங்கித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முறை வைத்துப் பிடித்த அறைகளில்தான் வாளிக்குப் பெயர் வைக்கும் மனம் இருந்தது.

கோவையிலிருந்து ஒருவர்:
எங்கள் விடுதியிலும் இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். எங்கே புகார் செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சியில் பொறியியல் படித்தவர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். எங்கள் அறையில் தண்ணீருக்குக் குறைவில்லை. மின்விசிறி ஒன்றுதான், கட்டில் மூன்று. காற்று படாத மூலைக் கட்டிலை "ராஜஸ்தான்" என்போம், மாதத்திற்கு ஒருவர் அங்கே போவோம். ஒரு நண்பனை மட்டும் இரண்டு மாதம் தொடர்ந்து அங்கேயே படுக்கவைத்து, அவனையே "ராஜஸ்தானி" என்று கூப்பிட்டோம். இன்றைக்கும் சந்தித்தால் நாங்கள் இருவர்தான் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அவன் பேச்சை மாற்றிவிடுகிறான். காப்பாளர் எழுதியதைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைக்கிறது.

இழையைத் தொடங்கியவர்:
உங்கள் நண்பரைப் பற்றிப் படித்ததும் எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்களில் ஒருத்திக்கு இரவுப் பணி. அவள் நான்கு மணிக்குத் திரும்பி, படுக்காமலே, தன் முறை இல்லாத நாளிலும் வரிசையில் நிற்பாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022-இல் அவள் திருமணத்திற்கு நாங்கள் நால்வரும் ஒரு புது வாளி வாங்கி, உட்புறத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொண்டுபோனோம். மேடையில் அதைப் பார்த்தவுடன் அவள் சிரித்தாள், பிறகு கண்கலங்கினாள். மணமகன் எதுவும் புரியாமல் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அந்தக் கண்ணீர் எதற்கென்று நான் இதுவரை கேட்டதில்லை. இன்றிரவு அழைத்துக் கேட்கப் போகிறேன்.