புதுப்பிப்பு: பைப் பில்லில் இரண்டு தள்ளுபடி

கடைக்கு வாங்கிய பைப் பில்லைப் பற்றி இங்கே முன்பு நான் கேட்டிருந்த கேள்வி: "டிரேடு டிஸ்கவுண்ட், கேஷ் டிஸ்கவுண்ட் ரெண்டும் இருக்கு. எதைக் கழிச்சு வரி போடணும்?"

அம்பாசமுத்திரம் கடைக்கு வந்த பில்லோடு ஆடிட்டர் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டேன். 50,000 ரூபாய் சரக்கில் 10 சதவீத டிரேடு டிஸ்கவுண்ட் பில்லிலேயே கழிந்திருக்கிறது. அதனால் வரிக்குரிய மதிப்பு 45,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 8,100. பத்து நாளில் பணம் கட்டினால் கேஷ் டிஸ்கவுண்டாக 2 சதவீதம், 900 ரூபாய் குறையும். ஆனால் பில் போடும் அன்று நான் கட்டுவேனா என்று யாருக்குத் தெரியும்? எனவே 45,000 அப்படியே நிற்கும்.

"பில்லுல எழுதியிருந்தா போதும்" என்று என் கேள்விக்குப் பதிலாக ஒரு தம்பி சொன்னது பாதி சரி. நிபந்தனையாக எழுதினால் போதாது, தொகையைக் கழித்திருக்க வேண்டும்.

900-க்கான வரி 162-ம் குறைய வேண்டுமானால், சப்ளையர் வரியோடு கிரெடிட் நோட் தரவேண்டும், நானும் அந்த 162-க்கு எடுத்த உள்ளீட்டு வரிக் கிரெடிட்டை ரத்து செய்யவேண்டும். சப்ளையர் இன்னும் பதில் சொல்லவில்லை.